தலையில் உருளும் ஊசி... அரை மில்லிமீட்டரோடு நிறுத்துங்கள்!

சப்பாத்திக் கட்டையைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கி, அதன் உடம்பு முழுக்க ஊசி முளைக்க வைத்து, ஒரு கைப்பிடியும் போட்டால் எப்படி இருக்கும்? அதுதான் டெர்மா ரோலர். சில நூறு ரூபாய்க்கு வீட்டு வாசலுக்கே பார்சலில் வந்துவிடுகிறது. தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி என்று எந்த ஊரிலும் முன்நெற்றி ஏற ஆரம்பித்த பிள்ளை இருக்கிற வீட்டில், ஷேவிங் செட்டுக்குப் பக்கத்தில் இதையும் பார்க்கலாம். கும்பகோணத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிற என்னிடம், "சார், ஒன்றரை எம்.எம். வாங்கட்டுமா, ரெண்டு எம்.எம். வாங்கட்டுமா?" என்று பேனா நிப் கேட்கிற மாதிரி கேட்கிறார்கள்.

வீட்டில் இதைத் தொடவே கூடாது என்று சொல்லும் டாக்டர்கள் இருக்கிறார்கள். தொட்டால் காடு மாதிரி முடி வளரும் என்று சொல்லும் வியாபாரிகளும் இருக்கிறார்கள். என் கட்சி இரண்டுமில்லை. வீட்டில் செய்யலாம். ஆனால் அரை மில்லிமீட்டருக்கு மேல் ஒரு நூல்கூடப் போகக்கூடாது. அதற்கு மேல் வேண்டுமென்றால் அது டாக்டர் கையில் இருக்க வேண்டிய சமாசாரம். ஏன் என்று சொல்கிறேன்.

இந்த ரோலர் மோகத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டது அமெரிக்காவோ கொரியாவோ இல்லை, நம்ம பம்பாய்தான்! மும்பை சயான் பகுதியில் இருக்கும் லோகமான்ய திலக் நகராட்சி மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ரச்சிதா துரத்தும் அவருடைய குழுவும் செய்த ஆய்வு 2013-ல் வெளிவந்தது. பரம்பரை வழுக்கை ஆரம்ப நிலையிலும் நடுத்தர நிலையிலும் இருந்த 100 ஆண்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு 5 சதவீத மைனாக்ஸிடில் மட்டும், காலை ஒரு மில்லி, ராத்திரி ஒரு மில்லி. இன்னொரு பிரிவுக்கு அதே மருந்து, கூடவே வாரம் ஒருமுறை ஒன்றரை மில்லிமீட்டர் ரோலர். தலையில் ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தைக் குறித்து வைத்து முடியை எண்ணினார்கள். 12 வாரம் கழித்து மருந்து மட்டும் போட்டவர்களுக்குச் சராசரியாக 22 முடி கூடியிருந்தது. ரோலரும் சேர்ந்தவர்களுக்கு 91!

இந்த 91-தான் எல்லாரையும் கிறுக்குப் பிடிக்க வைத்தது. ஒன்றரை எம்.எம். என்ற அளவு கடைக்காரர் வாயில் ஏறியதும் இதனால்தான். ஆனால் கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள். முடியை எண்ணியவருக்கு யார் எந்தப் பிரிவு என்று தெரியாது; அது நல்ல ஏற்பாடு. ஆனால் தலையில் ஊசி உருண்டவனுக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்தவன் மருந்தையும் ஒழுங்காகப் போடுவான். பார்த்தது மூன்றே மாதம். ஒரே ஊர். அப்புறம் வேறு இடங்களில் செய்த ஆய்வுகளிலும் ரோலர் சேர்ந்தால் பலன் கூடுகிறது என்றுதான் வந்தது. இவ்வளவு பெரிய வித்தியாசம் வரவில்லை. ஆகவே 'உதவி செய்கிறது' என்பது நிஜம். 'நாலு மடங்கு' என்பதை உப்புப் போட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

இன்னொரு விஷயம். அந்த ஒன்றரை எம்.எம். ரோலரை உருட்டியது ஆஸ்பத்திரியில், தோல் டாக்டர்களின் மேற்பார்வையில். வாங்கியவன் தன் வீட்டுக் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று உருட்டியது இல்லை.

ஊசி நீளம் கூடினால் பலன் கூடுமா? ஈரானில் இதைச் சோதித்து 2021-ல் வெளியிட்டார்கள். 60 பேர், மூன்று பிரிவு. எல்லாருக்கும் மைனாக்ஸிடில். ஒரு பிரிவுக்கு 0.6 மில்லிமீட்டர் ஆழ ஊசி, இன்னொன்றுக்கு 1.2 மில்லிமீட்டர், மூன்றாவதற்கு ஊசியே இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, 12 வாரம். கடைசியில் முந்தி நின்றது 0.6! குத்தும் ஆழத்துக்கும் முளைக்கும் முடிக்கும் நேர்க்கணக்கு கிடையாது என்பது இதிலிருந்து தெரிகிறது இல்லையா?

உள்ளே நடப்பது இதுதான். தலைத்தோலில் பொடிப்பொடியாகக் காயம் பட்டதும் உடம்பு பழுதுபார்க்கும் வேலையை ஆரம்பிக்கிறது. ரத்தத்தில் இருக்கும் தட்டணுக்களிலிருந்து வளர்ச்சியைத் தூண்டும் பொருட்கள் வெளிவருகின்றன. தூங்கி வழிகிற முடிக்கால்கள் இந்தச் சத்தத்தில் விழித்துக் கொள்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்களேன். மேல்தோலில் விழும் துளை வழியாக மருந்தும் கூடுதலாக இறங்குகிறது. முடியின் வேர் முண்டு இருப்பது பல மில்லிமீட்டர் ஆழத்தில். ரெண்டு எம்.எம். குத்தினாலும் அதைத் தொட முடியாது, தொடவும் தேவையில்லை. கால் மில்லிமீட்டர் என்றால் மேல்தோலைச் சுரண்டுவதோடு சரி, மருந்து இறங்க வழி பண்ணும். அரை மில்லிமீட்டர் அதற்குக் கீழே இருக்கும் உயிருள்ள தோலைத் தொடும், பெரும்பாலும் ரத்தம் வராது. ஒன்றரை என்றால் புள்ளிப் புள்ளியாக ரத்தம் துளிர்க்கும், வலிக்கும், கிருமி நுழைய வாசல் திறந்து கிடக்கும்.

இன்னொன்றைப் பலர் யோசிப்பதில்லை. ரோலர் நேராகக் குத்துவதில்லை. உருண்டு போகும்போது ஊசி சாய்ந்து நுழைந்து, சாய்ந்து வெளியே வருகிறது. கை அழுத்தினாலோ, திடீரென்று திசை திருப்பினாலோ ஊசி தோலைக் கிழித்துக்கொண்டு வரும். நீளமான ஊசி என்றால் கிழிசலும் நீளம். அரை மில்லிமீட்டரில் செய்கிற தப்பு ரெண்டு நாளில் ஆறிவிடும். ரெண்டு மில்லிமீட்டரில் செய்கிற தப்பு தழும்பாகும். தழும்பில் முடி முளைக்காது. முடிக்காக ஆரம்பித்த வேலை முடியைக் கெடுத்து முடிகிறது!

சரி, ஒரு பையனை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பாபநாசம் பக்கம், 29 வயது. நெற்றியின் இரண்டு மூலையும் ஏறிவிட்டன, உச்சியில் வெளிச்சம் தெரிகிறது. அம்மாவுக்குக் கவலை: "தைக்குள்ள ஒரு நல்ல சேதி சொல்லணும், வர்றவங்க எல்லாம் போட்டோவைப் பார்த்துட்டு வயசு கேக்குறாங்க..." பையனோ போர்வெல் தண்ணீரைத் திட்டுகிறான். உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும், உண்மை. ஆனால் இந்த வடிவத்தில் வழுக்கை விழுவது அப்பா, தாய்மாமன் வழியில் வருவது. தண்ணீர் மேல் பழி போட்டுப் பிரயோஜனமில்லை. தண்ணீர்தான் காரணமென்றால் அதே தண்ணீரில் குளிக்கிற தங்கச்சிக்கும் நெற்றி ஏறியிருக்க வேண்டுமே?

இவன் முதலில் ஒரு தோல் டாக்டரிடம் தலையைக் காட்ட வேண்டும். ஒரே ஒரு தடவை போதும். ஏனென்றால் எல்லா முடி உதிர்வும் ஒன்று இல்லை. டைபாய்டு, டெங்கு மாதிரி காய்ச்சல் வந்து ரெண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாக உதிர்வது தானாகவே திரும்பி வளர்ந்துவிடும்; அதற்கு ரோலர் வீண். வட்ட வட்டமாக விழுகிற புழுவெட்டுக்கு வைத்தியம் வேறு. படைத்தொற்று, சீழ்க்கொப்புளம், சோரியாசிஸ், செதில் செதிலாகக் கொட்டும் பொடுகு... இதில் எது இருந்தாலும் ரோலரைத் தொடக்கூடாது. படை ஒரு மூலையில் இருந்தால் தலை முழுக்க விதைத்த மாதிரி ஆகிவிடும். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, காயம் பட்டால் தடித்துப் போகிற தோல்வாகு உள்ளவர்களும் ஒதுங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

டாக்டர் 'பரம்பரை வழுக்கைதான், மைனாக்ஸிடில் போடு' என்று சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதம் ரோலர் வேண்டாம், மருந்து மட்டும். மருந்தே ஒத்துக்கொள்ளாமல் அரிக்கிறதா என்று அப்போதுதான் தெரியும். ரெண்டையும் ஒரே நாளில் ஆரம்பித்தால் தலை சிவந்ததற்கு யார் காரணமென்று கண்டுபிடிக்க முடியாது. இரண்டாவது மாதத்திலிருந்து வாரம் ஒரு நாள். சனிக்கிழமை ராத்திரி என்று வைத்துக்கொள்ளலாம். மறுநாள் ஹெல்மெட் போட வேண்டாம், வயலுக்குப் போக வேண்டாம்.

அன்றைக்குச் சாயங்காலம் சாதாரண ஷாம்பு போட்டுத் தலையை அலசி, நன்றாக உலர விட வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக்கூடாது. ரோலரின் தலைப்பகுதியை 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பத்து நிமிஷம் மூழ்க வைத்து, காற்றிலேயே உலர விட வேண்டும். துணியால் துடைத்தால் ஊசி மாட்டி வளையும். '70 எதற்கு, 100 சதவீதமே கிடைக்குமே' என்று கேட்பவர்கள் உண்டு. தண்ணீர் கலந்த 70-தான் கிருமியை நன்றாகக் கொல்லும். சுத்த ஸ்பிரிட் வேலை செய்யும் முன்னே ஆவியாகிவிடும். பக்கத்தில் அடுப்போ சாமி விளக்கோ எரியக்கூடாது. வெந்நீரில் கொதிக்க வைக்கும் யோசனையையும் விட்டுவிடுங்கள், பிளாஸ்டிக் இளகி ஊசி ஆட்டம் காணும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, மண்டையில் உருட்டப்போகும் இடத்தையும் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து உலர விட வேண்டும்.

அப்புறம் உருட்டல். முடி கொட்டிய இடத்தில் மட்டும். முன்னும் பின்னும் நாலைந்து தடவை, ரோலரைத் தூக்கி வைத்துக் குறுக்கே நாலைந்து தடவை, அப்புறம் சாய்வாக இரண்டு பக்கமும். திசை மாற்றும்போது தூக்கித்தான் வைக்க வேண்டும், தோல்மேல் வைத்தே திருப்பக் கூடாது. அழுத்தம் எவ்வளவு? கன்னத்தில் ஷேவிங் ரேசர் வைக்கிற அழுத்தம், அவ்வளவுதான். தோல் இளஞ்சிவப்பாகிவிட்டால் வேலை முடிந்தது. அரை எம்.எம். ரோலரில் ரத்தம் துளிர்த்தால் நீங்கள் அழுத்துகிறீர்கள் என்று அர்த்தம். அன்றைக்கு அதோடு நிறுத்த வேண்டும். பத்து நிமிஷத்துக்கு மேல் இதில் வேலையே இல்லை.

இதற்கு அப்புறம் வரும் 24 மணி நேரம்தான் முக்கியம். நம்ம ஊரில் தப்பு நடப்பதும் இங்கேதான். உருட்டின சூட்டோடு சின்ன வெங்காயச் சாற்றைத் தேய்ப்பார்கள், வீட்டில் காய்ச்சிய செம்பருத்தி எண்ணெயைத் தடவுவார்கள், 'நல்லா இறங்கும்ல' என்று மைனாக்ஸிடிலையே ஊற்றுவார்கள். இறங்கும்தான்! மைனாக்ஸிடில் முதலில் ரத்த அழுத்தத்துக்காக வந்த மாத்திரை. துளை போட்ட தோல் வழியாக அளவுக்கு மீறி ரத்தத்தில் கலந்தால் படபடப்பு, தலைசுற்றல், கால் வீக்கம் வரலாம். மும்பை ஆய்விலேயே ரோலர் போட்ட பிறகு 24 மணி நேரம் மருந்தை நிறுத்தி வைத்தார்கள். ஆய்வைச் சொல்லி விற்கிறவர்கள் இந்த வரியை மட்டும் விட்டுவிடுகிறார்கள், என்ன வசதி பாருங்கள்! வெங்காயச் சாறு சமையலறையில் இருக்கட்டும். அது கிருமி நீக்கிய பொருள் இல்லை, பச்சைக் காயத்தில் ஊற்ற.

ஆறு, வாய்க்கால், குளம், கோயில் தெப்பம் எதிலும் ரெண்டு நாளைக்கு முழுக்குப் போடக்கூடாது. ஆடிப்பெருக்குக்கு முந்தின நாள் ரோலரை எடுத்தால், மறுநாள் காவிரியில் தலை முழுகும்போது அத்தனை துளையிலும் ஆற்றுத் தண்ணீர்தான். மாட்டுக்கொட்டகை, சாணம், சேறு என்று புழங்குகிறவர்கள் பத்து வருஷத்துக்குள் ரணஜன்னி தடுப்பூசி போட்டிருக்கிறோமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஊசி சின்னதுதான், ஆனால் காயம் காயம்தானே.

காயம் ஒழுங்காக ஆறுகிறதா என்று எப்படித் தெரியும்? சிவப்பும் லேசான எரிச்சலும் ஒரு நாளில் அடங்கிவிட வேண்டும். ரெண்டாம் நாள் சிவப்பு பரவினால், தொட்டால் சுட்டால், மஞ்சள் மூக்கு வைத்த கொப்புளம் வந்தால், காதுக்குப் பின்னாலோ பிடரியிலோ நெறி கட்டினால், அது கிருமி. மஞ்சள் பற்றுப் போட்டு வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டாம், அன்றைக்கே டாக்டர்.

சுத்தத்தில் நான் விட்டுக்கொடுக்காத விஷயம் ஒன்று உண்டு. ஒரு ரோலர், ஒரு தலை. அண்ணன் தம்பி, புருஷன் பெண்டாட்டி, ஹாஸ்டல் அறை நண்பன், யாராக இருந்தாலும் சரி. "நம்ம வீட்டு ரத்தம்தானே" என்று ஒரு அம்மா என்னிடம் சொன்னார். மஞ்சள் காமாலை பி வைரஸ் உடம்புக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில்கூட ஏழு நாள் உயிரோடு இருக்கும். அது இருக்கிறவருக்கே பல வருஷம் தெரியாது. ஸ்பிரிட்டில் முக்கினால் போதாதா என்றால், போதாது. ஸ்பிரிட் கிருமியைக் குறைக்கிறது, அவ்வளவே. ஊசிகளின் அடியில் ஒட்டிய தோல் துணுக்கும் ரத்தமும் முழுசாகப் போகாது. சலூனிலோ பார்லரிலோ ஒரே ரோலரைப் பலருக்குப் போடுகிறார்கள் என்று தெரிந்தால், எழுந்து வந்துவிடுங்கள். இதில் மரியாதை பார்க்க வேண்டியதில்லை.

டாக்டர்கள் ஒரு முறை பயன்படுத்தியதைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். வீட்டில் ஒருவர் மட்டும் பயன்படுத்தும் அரை எம்.எம். ரோலரை நாலு தடவைக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள் என்பேன், மாதம் ஒன்று. நடுவிலும் ஒரு சோதனை செய்யலாம்: கொஞ்சம் பஞ்சை எடுத்து ஊசிகள் மேல் லேசாக இழுத்துப் பாருங்கள். நூல் மாட்டினால் ஏதோ ஒரு ஊசி முனை கொக்கி மாதிரி வளைந்திருக்கிறது. அதை வீச வேண்டியதுதான். வாங்கும்போதே '540 ஊசி' என்று பெருமையாகப் போட்டிருப்பதை விட 192 ஊசி உள்ளது மேல். 540 என்பது பெரும்பாலும் தகட்டில் வெட்டி எடுத்த பல் சக்கரங்களை அடுக்கியது. அந்தப் பற்கள் ஊசி மாதிரி குத்தாமல் குட்டிக் கத்தி மாதிரி கீறும்.

பலனுக்கு வருவோம். நம்ம பாபநாசம் பையனுக்கு முதல் ஆறு, எட்டு வாரத்தில் முடி கூடுதலாகக் கொட்டலாம். பயந்து நிறுத்துகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் நிறுத்துகிறார்கள். நட்ட நாற்று முதல் வாரம் வெளுத்து நின்று, அப்புறம் பச்சை பிடிக்கவில்லையா? பழைய மெலிந்த முடி விழுந்து புது முடி கிளம்புகிற நேரம் இது. கண்ணாடியை நம்பாமல், மாதத்துக்கு ஒருமுறை அதே ஜன்னல், அதே வெளிச்சம், அதே நீள முடி என்று ஒரு போட்டோ எடுத்து வைக்க வேண்டும். நாலாவது மாதம் உச்சியில் வித்தியாசம் தெரிய ஆரம்பித்தால் நல்லது. ஆறு மாதம் ஆகியும் இரண்டு போட்டோவும் ஒரே மாதிரி இருந்தால் ரோலரை மூட்டை கட்டிவிடலாம். அதற்கு மேல் நீளமான ஊசிக்குத் தாவ வேண்டாம். தையில் பெண் பார்க்கப் போவதாக இருந்தால் மார்கழியில் ஆரம்பித்துப் பயனில்லை, ஆடியிலேயே ஆரம்பித்திருக்க வேண்டும்!

உச்சியில் பலன் ஓரளவு கிடைக்கும். நெற்றி மூலைகள் முரண்டு பிடிக்கும். வருஷக்கணக்காக வழவழவென்று பளபளக்கிற இடத்தில் முடிக்கால் அநேகமாகப் போயே போய்விட்டது. அங்கே உருட்டுவது நேர விரயம். ரோலர் மட்டும் போட்டு மருந்து போடாதவர்களுக்கும் நான் பெரிதாக எதையும் வாக்குக் கொடுக்க மாட்டேன். கிடைத்த பலனும் சொந்த வீடு இல்லை, வாடகை வீடு. மருந்தை விட்டால் நாலைந்து மாதத்தில் பழைய நிலைக்கே திரும்பும். ஒரு நாளைக்கு இரண்டு மில்லி என்றால் 60 மில்லி பாட்டில் சரியாக ஒரு மாதம் வரும். மாதம் ஒரு பாட்டில், ஒரு ரோலர், ஒரு ஸ்பிரிட்... இதை வருஷக்கணக்கில் தாங்க முடியுமா என்று ஆரம்பிக்கும் முன்னாலேயே வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது. (வீட்டில் பூனை இருந்தால் இன்னொரு எச்சரிக்கை: மைனாக்ஸிடில் பூனைக்கு விஷம். மருந்து தடவிய தலையணையை நக்க விடாதீர்கள்.)

பெண்களுக்கு ஒரு வார்த்தை. நீளமான முடியில் ரோலரை விட்டால் சுற்றிக்கொண்டு கொத்தோடு பிடுங்கிக்கொண்டு வரும். வகிடு வகிடாகப் பிரித்து, அந்தக் கோட்டில் மட்டும் உருட்ட வேண்டும். அதற்கும் முன்னால் ரத்தத்தில் இரும்புச்சத்தையும் தைராய்டையும் பார்த்துவிடுங்கள்; வகிடு அகலமாவதற்குப் பல வீடுகளில் அதுதான் காரணம். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கிறவர்களும் மைனாக்ஸிடில் பக்கமே போகக் கூடாது. பிள்ளை பெற்ற மூன்றாம் மாதம் கொட்டுகிற முடி தானாகத் திரும்பி வரும்.

ஒன்றரை எம்.எம். போட்டுத்தான் ஆக வேண்டும் என்று நினைப்பவர்கள் தோல் டாக்டரிடம் போங்கள். பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் தோல் பிரிவே இருக்கிறது, தனியாரும் இருக்கிறார்கள். போனதும் இரண்டே கேள்வி கேளுங்கள். "சீல் பிரிக்காத புது ரோலரா, என் எதிர்ல பிரிப்பீங்களா?" என்பது ஒன்று. "அடுத்து எத்தனை மணி நேரம் கழிச்சு மருந்து போடணும்?" என்பது இன்னொன்று. இரண்டுக்கும் யோசிக்காமல் பதில் சொல்கிற இடத்தில் உட்காரலாம். பழைய ரோலரை எறியும்போது அப்படியே குப்பையில் போடாமல், மூடி உள்ள கெட்டியான காலி பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு இறுக்கி மூடி எறியுங்கள். காலையில் அந்தக் குப்பையை அள்ளுகிறவர் வெறுங்கையோடுதான் வருகிறார்.